ஏகமனதான தீர்மானம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மட்டன் குழம்பும் முடிந்து, ஞானசௌந்தரியின் மகன்கள் இருவரும் அவள் சாகக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. பதினோரு நாளாக உட்கார்ந்தே தூக்கம். தூக்கம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மூத்தவன் சுந்தர்சிங் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன். சபையில் கமிட்டி செயலாளர். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் அவனுக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டும். அன்றும் அச்சடித்து வைத்திருந்தான். ஒன்று, ஆரம்ப ஜெபம். இரண்டு, அம்மாவின் நிலை. மூன்று, செவ்வாய்க்கிழமை வரும் டாக்டரிடம் என்ன சொல்வது. நான்கு, நன்றியுரை. இளையவன் ஜோனத்தான் டல்லாஸிலிருந்து வீடியோவில் வந்தான். அவனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"முழு ட்ரீட்மென்ட். நோ காம்ப்ரமைஸ்," என்றான் பாட்டிலில் சாய்ந்தவன். "தேவைப்பட்டா ஐசியூ, வென்டிலேட்டர், எல்லாம். டிசம்பர்ல நான் வர்றேன். அதுவரைக்கும் அம்மா இருக்கணும்."

"வழிமொழிகிறேன்," என்றான் சுந்தர்சிங். வேறு யாரும் இல்லை. அவன் மனைவி ஜோவிதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓட்டு இல்லை.

அறைக்குள் ஞானசௌந்தரி எல்லாவற்றையும் கேட்டாள். நுரையீரல்தான் கெட்டிருந்தது. காது நன்றாக இருந்தது.

அவளுக்கு நுரையீரலில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்பது குடும்பத்தின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு. இடுப்பு வலி வாயு. தினமும் விழுங்கும் மாத்திரை சத்து மாத்திரை. ஒரு சத்து மாத்திரைக்கு அவ்வளவு பெரிய பெட்டியும், பெட்டியின் பெயரை மறைக்க அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியும் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். ஸ்கேன் அறிக்கையைச் சுந்தர்சிங் 'மின் கட்டண ரசீதுகள்' என்ற கோப்பில் மறைத்தான். அவன் ஆபீஸ் கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் அவள் அதை எடுத்துப் படித்துவிட்டாள். ஏப்ரல் மாதம் அது. இப்போது செப்டம்பர். ஐந்து மாதமாக மகன்கள் நடிக்கிறார்கள், அவள் பார்க்கிறாள். பாவம், உழைத்து நடிக்கிறார்கள். நடுவில் எழுந்து போவது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டாள்.

அது தப்பு என்று இப்போது இடுப்பு சொல்லிக்கொண்டிருந்தது.

புற்றுநோய் டாக்டர்தான் அவளைப் பதினாலாம் நம்பர் அறைக்கு அனுப்பியவர். வலியையும் மூச்சுத்திணறலையும் அவர்கள் பார்ப்பார்கள் என்றார். அறைக்கு வெளியே 'பாலியேட்டிவ் கேர்' என்று பலகை. சுந்தர்சிங் அம்மாவை மருந்துக் கடைப் பக்கம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனான். பிறகு ஐந்து நிமிடத்துக்கு அவளைக் காட்டினான். பலகையை முதுகால் மறைத்தபடி. மார்ஃபின் மாத்திரை தந்தார்கள். எப்படித் தர வேண்டும் என்று அவனுக்குத்தான் சொன்னார்கள். அவன் அதைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினான்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கிறோம் என்று அங்கிருந்து போன் வந்தது. வேண்டாம் என்றால் அடுத்த மாத்திரை வாங்க முடியாது. சுந்தர்சிங் சம்மதித்தான், நிபந்தனைகளோடு. வண்டியை எங்கள் தெருவில் நிறுத்த வேண்டாம், கேம்ப் ரோடு பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கோட்டு வேண்டாம். அம்மா கேட்டால் வண்டலூர் சபையிலிருந்து ஜெபிக்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வண்டி வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. பக்கவாட்டில் ஒரு அடி உயர எழுத்தில் 'வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சை'. எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் பேப்பரை இறக்கி அந்த எழுத்தைப் படித்துவிட்டு, பேப்பரை ஏற்றிக்கொண்டார்.

"நான் டாக்டர் ஆஷா," என்றாள் வந்தவள். நாற்பது வயதிருக்கும். "இவங்க சிஸ்டர் சாவித்ரி. ஜெபம் பண்ண எனக்கு வராது சார். மன்னிச்சுக்கோங்க."

சுந்தர்சிங் அவர்களை ஹாலில் உட்கார வைத்தான். நிகழ்ச்சி நிரல் கொடுத்தான். ஜோனத்தான் ஏற்கெனவே பாட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுக்கு அங்கே இரவு பத்தரை.

ஆஷா காகிதத்தைப் படித்தாள். "இதுல அம்மா எங்க?"

"ரெண்டாவது ஐட்டம், டாக்டர். அம்மாவின் நிலை."

"நிலை இருக்கு. அம்மா எங்க?"

"உள்ள. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சிடுவாங்க. நாங்களே பேசி முடிச்சு…"

"சரி, உள்ளே போய்ப் பேசலாம்," என்று ஆஷா எழுந்தாள். சாவித்ரி பையைத் தூக்கிக்கொண்டாள். கூட்டம் தன்னை விட்டு நடந்து போவதைச் செயலாளர் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஜோனத்தானைப் பாட்டிலோடு தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

அறை புழுங்கியது. காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று ஜன்னல் பூட்டியிருந்தது. மின்விசிறியும் அதே காரணத்துக்காக நின்றிருந்தது. மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமியது. ஜோனத்தான் டல்லாஸிலிருந்து ஆன்லைனில் அனுப்பியது அது. தன் அன்புக்குச் சாட்சியாக இருபத்திநாலு மணி நேரமும் ஓடவேண்டும் என்பது அவன் உத்தரவு. ஞானசௌந்தரி மூக்கில் குழாயோடு, தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

சாவித்ரி குழாயைக் கழற்றிவிட்டு விரலில் கருவியை மாட்டினாள். சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். "தொண்ணூத்தாறு கீது டாக்டர்."

ஆஷா முதுகில் தட்டிப் பார்த்தாள், குழல் வைத்துக் கேட்டாள். "போன மாசம் எடுத்த தண்ணி திரும்பப் பெருசா சேரலை. ரத்தத்துல ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கு. இந்த மெஷின் இவங்களுக்கு இப்ப உதவாது." அதை அணைத்தாள். ஐந்து நாளாக வீட்டில் கேட்காத அமைதி வந்தது. ஜன்னலைத் திறந்தாள். "டேபிள் ஃபேன் இருக்கா?"

"ஃபேனா?" என்றான் ஜோனத்தான் பாட்டிலிலிருந்து. "டாக்டர், அது மெடிக்கல் கிரேட் மெஷின்."

"மூச்சுத்திணறலுக்கு முகத்துல காத்துப் படுறது நல்லா உதவும் சார். ஃபேன் மலிவா இருக்குறது அதோட தப்பு இல்ல."

ஜோவிதா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தாள். ஆஷா ஒரு சின்ன மேஜையை இழுத்து, அதன்மேல் தலையணை போட்டு, ஞானசௌந்தரியை முன்னால் சாய்ந்து கையை ஊன்றச் சொன்னாள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை விடச் சொன்னாள். காற்று முகத்தில் மோதியது. ஞானசௌந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலி எவ்ளோம்மா?" என்றாள் சாவித்ரி. "வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து."

"மூணு," என்றான் சுந்தர்சிங்.

"சார், இன்னா சார் நீங்க, ஒங்க இடுப்பா அது?"

"எட்டு," என்றாள் ஞானசௌந்தரி. "நடந்தா ஒம்பது."

சுந்தர்சிங் முகம் வாடியது. மூன்று என்றுதான் சபையின் ஜெப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். ஜெபத்தால் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியதாக. நாற்பத்தேழு பேர் ஸ்தோத்திரம் போட்டிருந்தார்கள்.

"மார்ஃபின் தந்து பன்னிரண்டு நாள் ஆச்சு," என்றாள் ஆஷா. "எட்டு வரக்கூடாதே. மாத்திரையைக் கொண்டு வாங்க."

பீரோ திறந்தது. சாவித்ரி அட்டைகளிலிருந்த மாத்திரைகளை எண்ணினாள். "முப்பத்தாறு."

"நாப்பத்திரண்டு இருக்கணுமே!" என்றான் சுந்தர்சிங்.

"ஆறுதான் இருக்கணும் சார்," என்றாள் ஆஷா.

சுந்தர்சிங் அட்டைகளை வாங்கித் தானே ஒருமுறை எண்ணினான்.

"காலைல ஆறு, பத்து, மதியம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, தலா அரை மாத்திரை. ராத்திரி படுக்கும்போது ஒண்ணு, நடுவுல எழுப்பாம இருக்க. ஒரு நாளைக்கு மூணு. எழுதிக் குடுத்தோம் இல்லையா?"

"குடுத்தீங்க. ஆனா அது… மார்ஃபின், டாக்டர். நான் ஒண்ணுகூடக் குடுக்கலை." இதைப் பெருமையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது பெருமை குறைந்திருந்தது. "கடைசிக்குன்னு வச்சிருந்தேன். இப்பவே குடுத்துட்டா அப்புறம் வேலை செய்யாதுன்னு…"

"வலி கடைசி வரைக்கும் காத்திருக்கலையே சார்."

"கரண்ட் மாதிரி நினைச்சுட்டான் டாக்டர்," என்றாள் ஞானசௌந்தரி. "இப்ப கட் பண்ணா அப்புறம் நிறைய வரும்னு."

"அப்ப அந்த ஆறு மாத்திரை எங்க?" என்றான் சுந்தர்சிங். விசாரணைக் குரல் திரும்பி வந்திருந்தது.

"நான்தான்," என்றாள் ஜோவிதா. கதவோரம் நின்றிருந்தாள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "காலைல டீயில கரைச்சு அரை அரையா குடுத்தேன். ஒங்க சாவி ஒங்க தலையணைக்கு அடியிலதான் இருக்கு. நீங்க எழுந்திரிக்கறது ஏழு மணிக்கு."

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை ஏன் மூச்சு இலகுவாக இருக்கிறது, ஏன் அப்போது மட்டும் குளியலறைக்குத் தானே போக முடிகிறது என்று ஞானசௌந்தரிக்கு இப்போது விளங்கியது. அதை அவள் ஜோவிதா போடும் டீயின் குணம் என்று நினைத்திருந்தாள்.

"ஜோவி, போதை மருந்து அது!" என்றான் சுந்தர்சிங். "அடிமையாயிட்டா?"

"எத்தனை வருஷத்துக்குடா அடிமையாகப் போறேன்?" என்றாள் ஞானசௌந்தரி.

வாய் தவறி வந்ததல்ல அது. அவளுக்கே தெரிந்தது.

ஆஷா நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தாள். "அம்மா, உங்க நோயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நுரையீரல்ல நீர்க்கட்டு," என்றான் சுந்தர்சிங்.

"நுரையீரல்ல கேன்சர்," என்றாள் ஞானசௌந்தரி. மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாலாவது ஸ்டேஜ். இடுப்பெலும்புலயும் இருக்கு. ஏப்ரல் ரிப்போர்ட், ரெண்டாம் பக்கம், கடைசி பாரா. கரண்ட் பில் ஃபைல்ல இருக்கு, ஆகஸ்ட் ரசீதுக்குப் பின்னாடி."

சுந்தர்சிங் கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டான். உடைந்துவிடுவாள் என்று சொன்னவன் உடைந்தான். பாட்டிலில் ஜோனத்தான் படம் உறைந்ததுபோல் இருந்தான். நெட் சரியாகத்தான் இருந்தது.

"அம்மா, அண்ணா, ஒரு நிமிஷம்," என்றான் கடைசியில். "டாக்டர், எனக்கு இது தெரியும். நீங்க பண்றது ஹாஸ்பிஸ். இங்க அதுக்கு இன்னும் ஆறு மாசம்தான் இருப்பாங்கன்னு ரெண்டு டாக்டர் எழுதித் தரணும். அப்புறம் கேன்சர் ட்ரீட்மென்ட்டையே நிறுத்திடுவாங்க. அம்மாவை நாங்க கைவிட்ற மாதிரி இல்ல."

"ஹாஸ்பிஸ் பத்தி நீங்க சொல்றது சரி. உங்க ஊர்ல அப்படித்தான்," என்றாள் ஆஷா. "நோயைக் கட்டுப்படுத்துற சிகிச்சை இனி பலன் தராது, இல்ல வேண்டாம்னு ஆனதுக்கு அப்புறம், கடைசி மாசங்களை நிம்மதியா கழிக்க உதவுறது ஹாஸ்பிஸ். அது பாலியேட்டிவ் கேரோட ஒரு பகுதி. முழுசும் அது இல்ல. பாலியேட்டிவ் கேரை நோய் தெரிஞ்ச அன்னிக்கே ஆரம்பிக்கலாம். அம்மா சாப்பிடுற கேன்சர் மாத்திரை இன்னும் வேலை செய்யுது. அது பாட்டுக்கு ஓடட்டும். அதைக் குடுக்குற டாக்டர்தானே எங்க கிட்ட அனுப்பினாரு? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நடக்கும்."

"அப்ப ஏப்ரல்லயே ஆரம்பிச்சிருக்கலாம்," என்றாள் ஞானசௌந்தரி.

"ஆரம்பிச்சிருக்கலாம்."

"பலகையைப் பாத்து பயந்துட்டான் டாக்டர். முதுகு முழுக்க பயம்."

ஆஷா சிரித்துவிட்டாள். பிறகு சுந்தர்சிங் பக்கம் திரும்பினாள். "மார்ஃபினைக் கடைசிக்குன்னு வைக்க வேண்டாம். வலி கூடினா அளவைக் கூட்டலாம், இடம் இருக்கு. நேரத்துக்குக் குடுக்கணும், வலி வர்றதுக்காகக் காத்திருக்கக் கூடாது. கொஞ்ச அளவு மூச்சுத்திணறலையும் குறைக்கும். வலிக்காக, எங்க கண்காணிப்புல, சரியான அளவு எடுத்தா அடிமையாகிறது ரொம்ப அபூர்வம். சீக்கிரம் சாகவும் வைக்காது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். அதுக்கு ராத்திரி தனி மாத்திரை, விடாம. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். இடுப்பெலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர் சிகிச்சை குடுத்தாலே வலி நல்லா குறைய வாய்ப்பு இருக்கு, ரெண்டு மூணு வாரத்துல. இந்த வாரமே கேட்டுப் பாக்கறேன்."

மணி பத்தாகியிருந்தது. சாவித்ரி அரை மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தாள். பன்னிரண்டு நாளில் பத்து மணிக்கு அது அவளுக்குக் கிடைத்தது முதல்முறை.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் ஆஷா. "இனி உங்களுக்கு எது முக்கியம்? எதை நினைச்சா பயமா இருக்கு?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. சுந்தர்சிங் வாயைத் திறந்தான். ஜோவிதா அவன் தோளில் கை வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள், ஆனால் அழுத்தி வைத்தாள்.

"படுத்துத் தூங்கணும்," என்றாள் ஞானசௌந்தரி. "பாத்ரூமுக்கு நானா போகணும். பல் விளக்கி முடிக்கற வரைக்கும் மூச்சு இருக்கணும். வேலை செய்யற வரைக்கும் கேன்சர் மாத்திரை சாப்பிடறேன். உடம்பு தாங்கலைன்னா நிறுத்திடணும்."

"பயம்?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள்.

"இவங்க அப்பாவை நாலு வருஷம் முன்னாடி ஐசியூல வச்சோம். குழாயைப் பிடுங்கறாருன்னு கையைக் கட்டிலோட கட்டிட்டாங்க. ரெண்டாம் நாளே டாக்டர் சொல்லிட்டாரு, பலன் இல்லன்னு. ஆனா ஜோனத்தானுக்கு டிக்கெட் கிடைக்கல. பதினோரு நாள். பன்னண்டாம் நாள் வந்தான். பாத்தான். ஸ்டேட்டஸ் போட்டான். ஒரு வாரம் லீவு, போயிட்டான்." மூச்சுக்கு நின்றாள். உதட்டைக் குவித்து ஊதினாள். "அவரு ஒரு பிள்ளைக்காக பிளேட்ஃபார்ம்ல நிக்கற மாதிரி நின்னாரு. எனக்கு அது வேண்டாம். ஐசியூ வேண்டாம். குழாய் வேண்டாம். இந்த வீட்டுலயே."

"அம்மா," என்றான் ஜோனத்தான். குரல் வேறு மாதிரி இருந்தது. "டிசம்பர்ல வர்றேன்மா. இன்னும் மூணு மாசம்தான்."

"உன் லீவு தேதி என் நுரையீரலுக்குத் தெரியாதுடா. பேசணும்னா இப்ப வா. பேசாம பாக்கணும்னா டிசம்பர்ல வா."

"டாக்டர், எவ்வளவு நாள்…?"

ஆஷா ஞானசௌந்தரியைப் பார்த்தாள். "நான் சொல்லலாமாம்மா? நீங்க கேக்க விரும்புறீங்களா?"

"சொல்லுங்க."

"நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரை எவ்வளவு நாள் வேலை செய்யுதுங்கறதைப் பொறுத்து இருக்கு. என் கணக்குல மாசங்கள். வருஷங்கள் இல்ல."

ஞானசௌந்தரி தலையசைத்தாள். அவளும் அந்தக் கணக்கையே போட்டிருந்தாள்.

நினைவு தப்பிவிட்டாலும் விருப்பம் செல்லும்படி எழுதி வைக்கலாம் என்று ஆஷா சொன்னாள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் முன்னால் கையெழுத்து. உங்களால் பேச முடியாதபோது யார் பேசவேண்டும் என்று அதில் பேர் போட வேண்டும்.

"சுந்தர், எழுதிக்கோ," என்றாள் ஞானசௌந்தரி.

பழக்கத்தில் அவன் பேனாவை எடுத்துவிட்டான்.

"முதல் பேர், ஜோவிதா."

பேனா நின்றது. "அம்மா, அவ மருமக."

"அதான் எனக்கும் தெரியுமே. அவதான் கேட்டா. தினமும் காலைல, அத்தை, ராத்திரி தூங்கினீங்களான்னு. நீங்க ரெண்டு பேரும் நான் தூங்கினேன்னு ஊருக்குச் சொன்னீங்க. ரெண்டாவது, நீ. ஜோவிதா சொல்றதை எழுத ஒரு ஆள் வேணும்."

"என் பேரும்மா?" என்றான் ஜோனத்தான்.

"உனக்குத் தகவல் அனுப்புவாங்க."

சாவித்ரி அட்டைகளை ஞானசௌந்தரியின் கையிலேயே கொடுத்தாள். எந்த நேரம் எது என்று பெரிய எழுத்தில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். இடையில் வலி வந்தால் இன்னொரு அரை மாத்திரை போடலாம், போட்டதைக் குறித்து வைத்துப் போன் பண்ணச் சொன்னாள். "பயப்படாதம்மா, ராத்திரி கூப்ட்டாலும் எடுப்பேன்," என்றாள்.

வண்டி போனதும் எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் கேட்டில் வந்து நின்றார். என்ன சார், வண்டி பெரிசா வந்துதே என்றார். சுந்தர்சிங் வாயைத் திறந்தான். ஐந்து மாதத்துப் பொய்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. "அம்மாவுக்கு கேன்சர் சார்," என்றான். அதைச் சொல்லிவிட்டு அவனே அதிர்ந்துபோய் உள்ளே வந்தான்.

அறையில் ஞானசௌந்தரி இரண்டு தலையணை வைத்துச் சரிந்து படுத்திருந்தாள். மூச்சு வேகமாகத்தான் இருந்தது. ஆனால் துரத்தல் நின்றிருந்தது. இடுப்பு தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, வலியையும் கூட்டிக்கொண்டு. கண் சொருகியது.

சுந்தர்சிங் கட்டிலோரம் உட்கார்ந்தான். ஏதாவது சொல்ல நினைத்தான். அச்சடித்தது எதுவும் இல்லை.

"ஏம்மா தெரியும்னு சொல்லலை?"

"நீ கேக்கலை."

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐம்பத்துமூன்று வயது ஆள். மூக்கை உறிஞ்சினான். கட்டில் ஆடியது.

"சுந்தர்."

"என்னம்மா?"

"அழறதுன்னா ஹால்ல போய் அழு. எனக்குத் தூக்கம் வருது."